மண்சரிவு அறிவித்தலை ஏன் மீம் என்று நினைத்துச் சிரித்தார்கள்?

மஸ்கெலியா வாணி:
எங்கள் தோட்டப் பகுதியில் இயங்கும் தொண்டர் குழு, மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படும்போது அதைப் படமாக்கி வட்ஸ்அப் குழுக்களில் பகிர்வது வழக்கம். இம்முறை செம்மஞ்சள் நிலை எச்சரிக்கை வந்ததும், குழுவில் உள்ள இளைஞர் ஒருவர், லயங்களுக்கு மேலே உள்ள சரிவைப் பனிமூட்டத்தோடு எடுத்த புகைப்படத்தின் மேல் நேரடியாக எழுத்துக்களை வைத்தார். மேற்பகுதியில் ஆங்கில வரி முழுவதும் கெப்பிட்டல் எழுத்தில், தடித்த வெள்ளை நிறத்தில், கறுப்பு விளிம்போடு இருந்தது. கீழ்ப்பகுதியில் தமிழும் சிங்களமும் அதே வெள்ளை நிறத்தில், அதே விளிம்போடு இருந்தன. செய்தியில் ஒரு சொல்கூட விளையாட்டாக இல்லை.

படத்தை அனுப்பியதும் கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வரத் தொடங்கின. அடுத்த நாள் யாரோ கீழ் வரியை அழித்துவிட்டு, சம்பளத்தைப் பற்றிய ஒரு நகைச்சுவை வரியை வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இதற்கு முன்னர் தமிழில் மட்டும் வெளியிட்ட அறிவித்தல்களுக்கு ஒருபோதும் இப்படி நடந்ததில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதையுண்டதை நேரில் அறிந்தவர்கள் இருக்கும் குழுக்களிலும் சிரித்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அவர்கள் செய்தியை வாசித்துவிட்டுச் சிரித்ததாக நான் நம்பவில்லை. வாசிப்பதற்கு முன்பே இது இன்ன வகைப் படம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவுக்கு அவர்களைக் கொண்டுசென்றது எது? கெப்பிட்டல் எழுத்தா, விளிம்பா, எழுத்து வைக்கப்பட்ட இடமா?

பதுளை நிசாந்தன்:
அக்கா, விடை மிக எளிது. அந்த எழுத்துருவின் பெயர் இம்பெக்ட். மைக்ரோசொப்ட் நிறுவனம் இணையத்துக்காகவே உருவாக்கிய எழுத்துரு அது. மீம் என்றாலே அதுதான். வேறு எழுத்துருவுக்கு மாற்றுங்கள், சிரிப்பு நின்றுவிடும். மற்ற எதையும் தொட வேண்டியதில்லை.

அச்சுக்கூடம் ராஜா:
தம்பி நிசாந்தன் எழுத்துருவின் பெயரைச் சரியாகச் சொன்னார். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதையும், அதை மாற்றினால் போதும் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஹட்டனில் ஈய எழுத்துக் கோத்த காலத்தில் தொடங்கி, இன்று பிளெக்ஸ் பேனர் வரை இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இம்பெக்ட் 1965இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிலிருந்த ஸ்டீபன்சன் பிளேக் என்ற எழுத்து வார்ப்பகம் அதை உலோக எழுத்தாக வெளியிட்டது. வரைந்தவர் ஜெஃப்ரி லீ. ஒரு குறிப்பிட்ட இடத்துக்குள் இயன்ற அளவு மையை நிரப்பித் தலைப்பு எழுத்து அமைப்பதே அதன் நோக்கம். அதனால்தான் கோடுகள் மிகவும் தடித்திருக்கும், எழுத்துக்கு உள்ளிருக்கும் வெற்றிடம் ஒடுங்கியிருக்கும், எழுத்துக்கள் நெருங்கி நிற்கும். 1996இல் மைக்ரோசொப்ட் இணையத்துக்கென்று இலவசமாக வழங்கிய எழுத்துருத் தொகுதியில் இம்பெக்டும் சேர்க்கப்பட்டது. ஆகவே அந்த நிறுவனம் அதைப் பரப்பியது, உருவாக்கவில்லை.

அந்தப் பரவல்தான் பின்னர் நடந்ததற்கெல்லாம் காரணம். 2000களின் நடுப்பகுதியில் ஆங்கில இணைய அரங்குகளில் படத்தின் மேல் வரி எழுதி விளையாடத் தொடங்கியவர்களுக்கு, எல்லோருடைய கணினியிலும் ஏற்கெனவே இருக்கும், படத்தின் மேல் அழுத்தமாக நிற்கக்கூடிய ஓர் எழுத்துரு தேவைப்பட்டது. 2007இல் பூனைப் படங்களுக்கான தளம் புகழ் பெற்றது. அதன் பின்னர் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி தட்டினால் படம் தயாராகும் தளங்கள் வந்தன. அவை இம்பெக்ட், வெள்ளை நிறம், கறுப்பு விளிம்பு, கெப்பிட்டல் ஆகிய நான்கையும் முன்கூட்டியே தெரிவுசெய்து வைத்திருந்தன. மக்கள் அந்தத் தோற்றத்தை விரும்பித் தேர்ந்ததைவிட, அதை மாற்றாமல் விட்டதே அதிகம். ஒரே அச்சில் இலட்சக்கணக்கான படங்கள் வந்த பிறகு, தோற்றமே அடையாளமாகிவிட்டது.

எழுத்துருவை மாற்றினால் போதுமா என்ற கேள்விக்கு, அந்தப் படம் எதில் தயாரிக்கப்பட்டது என்று தெரிந்தால் பதில் சொல்லலாம். அண்ட்ரொய்ட் கைபேசிகளில் இம்பெக்ட் இயல்பாக வருவதில்லை.

மஸ்கெலியா வாணி:
கைபேசியில்தான் தயாரித்தார், ஐயா. நீங்கள் எழுதியதைப் பார்த்த பிறகு கேட்டேன். தடித்த, ஒடுங்கிய வேறொரு எழுத்துருவை எடுத்ததாகவும், அதன் பெயர் அன்டன் என்றும் சொன்னார்.

அச்சுக்கூடம் ராஜா:
அப்படியென்றால் உங்கள் படத்தில் இம்பெக்ட் இருக்கவே இல்லை, ஆனாலும் மக்கள் அதை மீம் என்றே எடுத்துக்கொண்டார்கள். குறிப்பிட்ட எழுத்துருவைக் கண்ணால் பிரித்தறிபவர் என் போன்ற சிலர்தான். மற்றவர்கள் தடிப்பு, ஒடுக்கம், சம உயரம் ஆகியவற்றைத்தான் காண்கிறார்கள். ஆங்கிலத்தில் சிறிய எழுத்துக்களை எழுதினால் சில மேலே நீளும், சில கீழே தொங்கும். கெப்பிட்டலில் எல்லாம் ஒரே உயரம் என்பதால், வரி முழுவதும் படத்தின் குறுக்கே ஓடும் ஒரு கட்டையான பட்டையாகிவிடும். அந்தப் பட்டையைக் கண்டதும் கண் முடிவுக்கு வந்துவிடுகிறது.

தோட்டத்து குமார்:
எல்லோருக்கும் வணக்கம். இதே பிரச்சினை எனக்கும் இருக்கிறது. எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அழைப்புப் படம் செய்யும்போது ஒரு மீம் தளத்தில் பாமினி எழுத்துருவைக் கொடுத்துத் தமிழில் தட்டினேன். வெள்ளை எழுத்தும் கறுப்பு விளிம்பும் அழகாக வந்தன, ஆனால் சொற்கள் எல்லாம் குழம்பிவிட்டன. அம்மன் பெயரே வாசிக்க முடியாமல் போய்விட்டது. நல்ல தடித்த தமிழ் எழுத்துரு ஒன்றைச் சொல்லுங்கள்.

பண்டாரவளை ஆசிரியை:
குமார், வாணி கேட்பது வேறு விடயம். அவருடைய எழுத்துக்கள் குழம்பவில்லை. படத்தை மக்கள் ஏன் விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள் என்பதே அவருடைய கேள்வி.

அச்சுக்கூடம் ராஜா:
ஆசிரியை சொல்வது சரி. இருந்தாலும் குமாருக்கு நேர்ந்ததும் இதே கெப்பிட்டல் வழக்கத்தால் வந்ததுதான், ஆகவே சொல்லிவிடுகிறேன். பாமினியில் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. சிறிய எழுத்துக்கு ஒரு வடிவம், பெரிய எழுத்துக்கு முற்றிலும் வேறு வடிவம். மீம் தளமோ தட்டுவதையெல்லாம் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். "தமிழ்" என்ற சொல்லையே பாருங்கள்:

```
jkpo;   ->  த ம ி ழ ்
JKPO;   ->  து மு ீ ழு ்
```

நீங்கள் தட்டியது முதல் வரி, தளம் காட்டியது இரண்டாம் வரி. எழுத்துருவில் குறை இல்லை. கெப்பிட்டலாக்கும் தெரிவு ஒன்று அந்தத் தளங்களில் பெரும்பாலும் இருக்கும், அதை நிறுத்துங்கள். அதைவிட நல்ல வழி யூனிகோட்டில் தட்டுவது. யூனிகோட் தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை என்பதால் அந்தத் தெரிவால் எதுவும் ஆகாது. ஆனால் இம்பெக்டுக்குள் தமிழ் வடிவங்கள் இல்லாததால், கருவி தானாகவே வேறொரு தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்பும். அது பெரும்பாலும் மெலிந்ததாக இருக்கும்.

தோட்டத்து குமார்:
மிக்க நன்றி, ஐயா. அந்தத் தெரிவை நிறுத்திப் பார்த்தேன், அம்மன் பெயர் சரியாக வந்துவிட்டது.

பண்டாரவளை ஆசிரியை:
வாணியின் கேள்விக்கு வருகிறேன். தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் என் மாணவர்களோடு இதைச் சோதித்தேன். மூடுபனியில் தெரியும் ஒரு தேயிலை மலையின் புகைப்படத்தை எடுத்து, அதே ஆங்கில வரியை வைத்து, ஒவ்வொரு தடவையும் ஓரிரு கூறுகளை மட்டும் மாற்றினோம். வாசிப்பதற்கு முன்பே இது என்ன வகைப் படம் என்று சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

வெள்ளை, கறுப்பு விளிம்பு, கெப்பிட்டல், மேலும் கீழும் வரி என்று முழுவதாக இருந்ததை ஏறக்குறைய எல்லோரும் மீம் என்றார்கள். எழுத்துருவை மட்டும் மாற்றிச் சாதாரணத் தடித்த எழுத்தாக்கியபோதும் பெரும்பாலானோர் மீம் என்றே சொன்னார்கள். இதனால் ராஜா ஐயா சொன்னது உறுதியாகிறது. நிறத்தை மஞ்சளாக்கி, மேல் வரியை நீக்கிக் கீழே மட்டும் வைத்தபோது, திரைப்பட வசன வரி என்றார்கள். விளிம்பை நீக்கிவிட்டு, எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை ஒன்றை வைத்தபோது, செய்தி அல்லது அறிவித்தல் என்றார்கள். இத்தனைக்கும் எழுத்துரு, கெப்பிட்டல், வெள்ளை நிறம் எல்லாம் அப்படியே இருந்தன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, எழுத்துக்குப் பின்னால் எதுவும் இல்லாமல் அது புகைப்படத்தின் மேலேயே நேராக நிற்பதுதான் முக்கியம் என்பது. விளிம்பு இருந்தால்தான் எழுத்து அப்படி நிற்க முடியும். நமது மலைப் படங்களில் இது நன்றாகத் தெரியும். மேற்பாதி முழுவதும் வெண்பனி, கீழ்ப்பாதி நனைந்த மண்ணும் கரும்பச்சைத் தேயிலையும். வெறும் வெள்ளை எழுத்து மேலே மறைந்துவிடும், வெறும் கறுப்பு எழுத்து கீழே மறைந்துவிடும். கறுப்பு விளிம்புள்ள வெள்ளை எழுத்து இரண்டிலும் தெரியும். எந்தப் படத்திலும், எதையும் யோசிக்காமல் ஒட்டிவிடலாம் என்பதால்தான் மீம் செய்பவர்களுக்கு அது வசதியாயிற்று. அறிவித்தல் செய்பவரோ பொதுவாக எழுத்துக்கென்று ஓர் இடத்தை ஒதுக்குவார்.

பதுளை நிசாந்தன்:
எழுத்துருவைப் பற்றி ராஜா ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியையின் முடிவில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. இன்று என் வயதினர் செய்யும் தமிழ் மீம்கள் பெரும்பாலும் இந்தத் தோற்றத்தில் இல்லை. மேலே வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்து, அதன் கீழே வடிவேலுவின் முகம், அவ்வளவுதான். 2019இல் நேசமணி உலகம் முழுவதும் பரவியபோதுகூட, சிரிப்பை மூட்டியது அந்தக் காட்சிதான், எழுத்தின் விளிம்பு அல்ல. வெள்ளை கெப்பிட்டல் எழுத்து எங்களுக்குப் பழைய காலத்து மீம். அப்படியிருக்க, பட்டை வைத்தால் அறிவித்தல் ஆகிவிடும் என்று எப்படிச் சொல்ல முடியும்? வெள்ளைப் பட்டை வைத்தால் அது புதிய காலத்து மீம் ஆகிவிடும்.

பண்டாரவளை ஆசிரியை:
நியாயமான மறுப்பு. நாங்கள் வைத்தது கறுப்புப் பட்டை. வெள்ளைப் பட்டையைச் சோதிக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் வகையில் சிரிப்புக்கு உரியவரின் முகம் தேவைப்படுகிறது. வடிவேலுவின் முகத்துக்குப் பதிலாக ஒரு மலைச்சரிவை வைத்தால், அந்த வெள்ளைப் பட்டை தனியாக மீம் என்று சொல்லாது. வெள்ளை கெப்பிட்டல் எழுத்தோ எந்தப் படத்தின் மேல் வைத்தாலும், வெறும் சரிவின் மேல் வைத்தாலும், அதையே சொல்லிவிடுகிறது. பழையதாகிவிட்டது என்பதால் அடையாளம் மங்கவில்லை. புதிதாக யாரும் அதில் செய்யாததால், அது வேறு எதையும் குறிக்காத ஒன்றாகிவிட்டது.

லிந்துலை செல்வம்:
இங்கே எல்லோரும் இளைஞர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இதே போன்ற ஒரு படம் எங்கள் பக்கத்திலும் வந்தது. என் அண்ணன் மகன்மார் சிரித்தார்கள், என் தாயார் சிரிக்கவில்லை. கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர் அவர். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அந்த மேல் வரி அவருக்கு ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே. கீழே இருந்த தமிழைப் படித்துவிட்டு, அடையாள அட்டையையும் மருந்துப் பையையும் எடுத்து வைத்தார். ஆகவே இந்த அடையாளம் எல்லோருக்கும் பொதுவானதல்ல. ஆங்கில இணையத்தில் புழங்கியவர்களுக்கு மட்டுமே அது வேலை செய்கிறது. அறிவித்தல் யாருக்காக என்று முதலில் தீர்மானியுங்கள். லயத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு என்றால், இந்தத் தோற்றத்தால் ஒரு கெடுதியும் இல்லை, தூரத்திலிருந்தே வாசிக்க முடிகிறது.

மஸ்கெலியா வாணி:
செல்வம் அண்ணா, உங்கள் தாயார் செய்ததைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் பல வீடுகளில் கைபேசி இருப்பது இளையவர்கள் கையில்தான். பெரியவர்களுக்குப் படத்தைக் காட்டுபவர்களும் அவர்களே. அவர்கள் சிரித்துவிட்டு அடுத்ததற்குத் தள்ளிவிட்டால், உங்கள் தாயாரைப் போன்றவர்களிடம் படம் போய்ச் சேராது. அதனால் இளையவர்களின் முதற்பார்வையை என்னால் அலட்சியப்படுத்த முடியாது.

இதுவரை எழுதியவற்றை வைத்து ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். புகைப்படத்தைப் படத்தின் கீழ்ப்பாதிக்கு மட்டும் ஒதுக்கினோம். மேற்பாதியில் எச்சரிக்கை நிலைக்குரிய செம்மஞ்சள் நிறத்தை நிரப்பி, அதன் மேல் கறுப்பு எழுத்தில் தமிழை முதலில் வைத்தோம். திகதியும் நேரமும் எச்சரிக்கை விடுத்த நிறுவனத்தின் பெயரும் அடுத்த வரியில் வருகின்றன. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் அடியில் இருக்கிறது. ஆங்கிலம் சாதாரண எழுத்தில், முதல் எழுத்து மட்டும் பெரியதாக இருக்கிறது. அனுப்பிய குழுக்களில் இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அதற்குத் தோற்றம்தான் காரணமா, அன்று மழை கடுமையாக இருந்தது காரணமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. பழைய படத்தில் தமிழ் வரிக்கும் அதே விளிம்பு இருந்தது. ஆனால் தமிழ் வரியைப் பார்த்து யாரும் மீம் என்று சொல்லவில்லை, வாசிக்கச் சிரமமாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஏன்?

அச்சுக்கூடம் ராஜா:
உங்கள் படத்தில் இருந்த "மண்சரிவு" என்ற சொல்லே அதற்கு விளக்கம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தின் கோடு மிகத் தடிப்பானது, அதைச் சுற்றி எவ்வளவு விளிம்பு போட்டாலும் நடுவில் வெள்ளை மிச்சமிருக்கும். தமிழ் எழுத்தின் கோடு மெல்லியது. பல செயலிகள் விளிம்பை எழுத்தின் எல்லைக் கோட்டுக்கு இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பூசுகின்றன. கோட்டின் தடிப்பு 8 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு 6 புள்ளி என்றால், ஒவ்வொரு பக்கத்திலும் 3 புள்ளி உள்ளே போய்விடும், மிஞ்சும் வெள்ளை 2 புள்ளிதான். கூடவே "ண" எழுத்தின் சுழிகளுக்குள் கறுப்பு நிரம்பி அடைபட்டுவிட்டது, "ன" போலத் தோன்றுகிறது. அதன் தலையிலுள்ள புள்ளி விளிம்புக்குள் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது எஞ்சியதும் போய்விடும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. படத்தை உங்களுக்கே அனுப்பிப் பார்த்து, பெரிதாக்காமல், புள்ளி வைத்த எழுத்துக்களை மட்டும் தேடுங்கள். புள்ளி தெரியவில்லை என்றால் விளிம்பு அதிகம். போட்டோஷொப்பில் `Stroke` என்ற இடத்தில் `Position` என்பதை `Outside` என்று மாற்றினால் வெள்ளை உள்ளே தேயாது, ஆனாலும் சுழிகள் அடைபடும். அதற்கு எழுத்துரு தடிப்பாகவும், சுழிகள் அகலமாகவும் இருக்க வேண்டும், எழுத்துக்களுக்கிடையே சற்று இடைவெளியும் விட வேண்டும்.

மீம் என்று தோன்றாததற்கு வேறு காரணம் உண்டு. நமது எழுத்தில் "ரி" மேலே வளைகிறது, "வு" கீழே இறங்குகிறது. ஆங்கில கெப்பிட்டல் தரும் அந்தச் சம உயரப் பட்டை தமிழில் உருவாவதே இல்லை. அதனால் வெள்ளை நிறமும் கறுப்பு விளிம்பும் மட்டும் நமக்கு வந்துசேர்ந்தன, அடையாளம் முழுமையாக வரவில்லை. உங்கள் தமிழ் அறிவித்தல்கள் முன்னர் தப்பித்ததற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

பதுளை நிசாந்தன்:
ஐயா, இதில் மட்டும் நான் உடன்படவில்லை. தமிழை மட்டும் வைத்து, ஒரு வரி மேலேயும் ஒரு வரி கீழேயும், நடுவில் திகைத்த முகம் ஒன்றும் வைத்தால், சம உயரம் இல்லாமலே நாங்கள் மீம் என்று எடுத்துக்கொள்வோம். பட்டையை விட வரிகள் நிற்கும் இடமே பெரிது என்று நினைக்கிறேன்.

பண்டாரவளை ஆசிரியை:
அதைச் சோதித்துப் பார்க்கலாம், நிசாந்தன். திகைத்த முகத்தை வைத்தால் முகமே விடையைச் சொல்லிவிடும், எனவே அதே மலைச்சரிவை வைத்து, தமிழ் வரிகளை மேலும் கீழும் விளிம்போடு ஒரு படத்திலும், இரண்டு வரிகளையும் ஒன்றாகக் கீழே ஒரு படத்திலும் வைப்போம். அடுத்த தவணையில் மாணவர்களிடம் காட்டிவிட்டு இங்கே எழுதுகிறேன். சிங்களத்திலும் கெப்பிட்டல் எழுத்து இல்லை என்பதால், சிங்கள மொழிமூல வகுப்பு ஆசிரியர் ஒருவரையும் அதே படத்தை அவர்களுடைய எழுத்தில் செய்யும்படி கேட்டிருக்கிறேன்.